இரண்டு தடவை வந்த பணம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், மசாலாப் பொடி தயாரிப்புக் குழுவின் கணக்கு எழுதும் உறுப்பினர் பேசியது)



என்னை எதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள் தெரியுமா? "உங்க குழுவில் ஒரு தப்பு நடக்க இருந்து, நடக்காம தப்பிச்சீங்களே, அதைச் சொல்லுங்க" என்றார்கள். கைதட்டு வாங்கும் கதை இல்லை இது. ஆனால் பொருள் விற்கிற எந்தக் குழுவுக்கும் என்றைக்காவது ஒரு நாள் இது வரும். அதனால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவில் 12 பேர். இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, மிளகாய்த் தூள், மல்லித் தூள் அரைத்து விற்கிறோம். சந்தையில் சில்லறையாக விற்பது கொஞ்சம். கடைகளுக்கும் மெஸ்ஸுகளுக்கும் பில் போட்டுக் கொடுப்பதுதான் அதிகம். முன்னெல்லாம் ரொக்கமாகத் தருவார்கள். இப்போது எல்லாரும் போனில்தான் அனுப்புகிறார்கள். பணம் நேரே குழுவின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். மாசக் கடைசியில் நான் பாஸ்புக்கைப் பதிவு போட்டு வாங்கி, பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

ஒரு மாசம் அப்படிப் பார்க்கும்போது, பில் புத்தகத்தின் கூட்டுத் தொகை 61,340 ரூபாய். வங்கிக்கு வந்த பணம் 66,200 ரூபாய். அந்த மாசத்துப் பில் எல்லாவற்றுக்கும் பணம் வந்துவிட்டது. பழைய பாக்கி எதுவும் வர வேண்டியதில்லை. அப்படியானால் 4,860 ரூபாய் எங்கிருந்து வந்தது?

கூட்டத்தில் சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம். "சந்தையில வித்த காசு ஏதாச்சும் பில் போடாம விட்டிருப்போம்" என்றார் ஒருவர். "இதர வரவுன்னு எழுதிடு, லாபத்தோட சேர்த்துப் பிரிச்சிக்கலாம்" என்றார் இன்னொருவர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சரியாக 405 ரூபாய். பைசா பாக்கி இல்லாமல் வகுபடுகிறது. நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.

எங்கள் குழுவிலேயே மூத்தவர் ஒரு ஆச்சி. கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அவர்தான் கேட்டார்: "ஏட்டி, சந்தைக் காசுன்னா நூறும் இருநூறுமால்லா வரும்? இது மொத்தமா ஒரே ரூவாயா வந்திருக்கே. யாரு அனுப்புனான்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. கூட்டுத் தொகையைப் பார்த்தேனே ஒழிய, ஒவ்வொரு வரவையும் எந்தப் பில்லுக்கு வந்தது என்று பார்க்கவில்லை. அதுதான் என் தப்பு.

அங்கேயே உட்கார்ந்து பில் புத்தகத்தைப் புரட்டினோம். 147-ம் எண் பில், மாசம் 4-ம் தேதி, டவுனில் உள்ள ஒரு மெஸ்ஸுக்குப் போட்டது. தொகை 4,860 ரூபாய். பாஸ்புக்கில் 4-ம் தேதி 4,860 வந்திருக்கிறது. 5-ம் தேதியும் 4,860 வந்திருக்கிறது. முதல் வரவில் மெஸ் நடத்தும் அண்ணாச்சி பேர். இரண்டாவது வரவில் எங்களுக்குத் தெரியாத ஒரு பெண் பேர்.

இங்கே ஒரு விஷயத்தை மனசில் வையுங்கள். கணக்கில் கூடுதலாக நிற்கும் தொகை, ஏதாவது ஒரு பில்லின் தொகையோடு ரூபாய் மாறாமல் ஒத்துப்போனால், அது பெரும்பாலும் இரட்டைப் பணம்தான். எழுதும்போது வந்த பிழை என்றால் இவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போவது அபூர்வம்.

ஆனால் பார்த்தவுடனே அப்படி முடிவு கட்டிவிடவும் கூடாது. ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே தொகைக்கு இரண்டு பில் போட்டிருக்கலாம். அடுத்த சரக்குக்கு முன்பணமாக அனுப்பியிருக்கலாம். இல்லையென்றால் பணம் ஒரு தடவைதான் வந்திருக்கும், போனில் மட்டும் இரண்டு தடவை செய்தி காட்டியிருக்கும். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. யூபிஐயில் அனுப்பும் ஒவ்வொரு பணத்துக்கும் 12 இலக்கத்தில் ஒரு எண் உண்டு. போனில் UTR என்றோ UPI Ref என்றோ காட்டும். இரண்டு வரவுக்கும் அந்த எண் ஒன்றாகவே இருந்தால் பணம் ஒரு தடவைதான் வந்திருக்கிறது. எண் வேறு வேறாக இருந்து, இரண்டும் வங்கிப் பதிவிலும் இருந்தால், இரண்டு தடவை வந்திருக்கிறது. எங்களுக்கு எண் வேறு வேறாக இருந்தது.

உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "நீங்க ரெண்டு தடவை கட்டிட்டீங்க" என்று எடுத்தவுடனே சொல்லவில்லை. "அண்ணாச்சி, 147-ம் நம்பர் பில்லுக்கு எங்க கணக்குல 4-ம் தேதியும் 4,860 வந்திருக்கு, 5-ம் தேதியும் வந்திருக்கு. உங்க பக்கம் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றேன். தேதி, தொகை, பில் எண் மூன்றையும் நாமே சொல்லிவிட்டால் அவர்கள் தேடுவது சுலபம். நம்மேல் சந்தேகமும் வராது.

அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். நடந்தது இதுதான். 4-ம் தேதி சாயங்காலம் அவர் போனில் பணம் அனுப்பியிருக்கிறார். Processing என்று சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, பிறகு Pending என்று நின்றுவிட்டது. மெஸ்ஸில் ராத்திரி வியாபார நேரம். போகவில்லை என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் வீட்டுக்காரியிடம், "என் போன் வேலை செய்யல, நீ உன் போன்ல அனுப்பிடு, அப்புறம் தாரேன்" என்றிருக்கிறார். அவர்கள் அனுப்பிவிட்டார்கள். ஆனால் முதல் பணம் ராத்திரியே எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

Pending என்றால் பணம் போகவில்லை என்று அர்த்தம் இல்லை. போனதா இல்லையா என்ற பதில் அந்தப் போனுக்கு இன்னும் வரவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். பணம் கணக்கில் கழிந்து, வாங்குபவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், அது தானாகத் திரும்பி வர வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு வைத்திருக்கிறது. ஒருவர் இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் என்றால் அடுத்த நாளுக்குள், வியாபாரிக்குக் கட்டிய பணம் என்றால் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு. அதனால் Pending என்று நின்றால் உடனே இரண்டாவது தடவை அனுப்பாமல், "வந்துதா?" என்று வாங்குபவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் சரி. இதை உங்கள் வாடிக்கையாளர்களிடமும் சொல்லி வையுங்கள்.

இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. 4-ம் தேதி ராத்திரி பணம் வந்ததும் "147-ம் பில்லுக்கு 4,860 வந்துவிட்டது" என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியிருந்தால், மறுநாள் காலையில் அந்த இரண்டாவது பணம் வந்தே இருக்காது.

சரி, இனி திருப்பிக் கொடுக்கும் கதைக்கு வருகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-வது பிரிவு. தவறுதலாக ஒருவரிடம் பணம் கொடுக்கப்பட்டிருந்தால், வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். "நாங்களா கேட்டோம், அவங்களாத்தானே அனுப்பினாங்க" என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த 405 ரூபாயை ஆளுக்கு ஆள் பிரித்திருந்தால், 12 பேரிடமும் திரும்ப வசூல் பண்ண வேண்டியிருக்கும். சேலைக்கும் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கும் போன காசை யாரிடம் போய்க் கேட்பது?

வாடிக்கையாளருக்கு மூன்று வழி சொல்லலாம். ஒன்று, முழுப் பணத்தையும் திருப்பி அனுப்புவது. இரண்டு, அடுத்த பில்லில் கழித்துக்கொள்வது. மூன்று, கொஞ்சம் திருப்பிக் கொடுத்து மீதியைக் கழித்துக்கொள்வது. மூன்றையும் நாம் சொல்ல வேண்டும். எது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். நமக்கு எது சௌகரியம் என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் சொல்லக் கூடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே அப்படித்தான் நினைத்தேன். அந்த மாசம் மிளகாய் வாங்கியதில் கையிருப்பு குறைவு. அடுத்த பில்லில் கழித்துக்கொண்டால் பணம் வெளியே போகாது. அண்ணாச்சியும், "அதுக்கென்னம்மா, அடுத்த பில்லுல கழிச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். "சரி அண்ணாச்சி" என்று போனை வைத்தேன். வேலை முடிந்தது என்று நிம்மதி.

அன்றைக்கு ராத்திரி ஆச்சியிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "ரெண்டாவது பணம் யாரு கணக்குல இருந்து வந்துச்சு?"

"அவரு வீட்டுக்காரி கணக்குல இருந்து ஆச்சி."

"அந்தப் பிள்ளைகிட்ட கேட்டியா?"

நான் கேட்கவில்லை. பணம் அவள் கணக்கிலிருந்து வந்தது. பதில் மட்டும் அவரிடமிருந்து வாங்கிவிட்டேன்.

மறுநாள் அவர்களுக்கே போன் செய்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவர்களும் நம் கூட்டமைப்பில் வேறொரு குழுவில் உறுப்பினர். அந்த 4,860 ரூபாயில் 3,000 ரூபாய் குழுக் கடன் தவணைக்காக எடுத்து வைத்திருந்தது. வீட்டுக்காரர் திருப்பித் தருவதாகச் சொன்னவர், அவர் கணக்கிலும் பணம் குறைந்திருப்பதைப் பார்த்து, வேறு ஏதோ செலவில் போய்விட்டது என்று நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். 10-ம் தேதி தவணை கட்ட அவர்களிடம் காசு இல்லை. அந்த மாசம் அவர்கள் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் அவர்கள் பேருக்கு எதிரே "தவணை கட்டவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். போனில் அவர்கள் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது: "அக்கா, ஆறு வருஷத்துல ஒரு தவணை கூட நான் விட்டது இல்லக்கா."

இங்கே நாங்கள் அந்தப் பணத்தைப் பிரித்துக்கொள்ளப் பேனா எடுத்தோம். அங்கே ஒருத்தி தவணை தவறியவள் என்று பேர் வாங்கியிருக்கிறாள். இரண்டும் ஒரே பணம்தான்.

அவர்களிடம் மூன்று வழியையும் சொன்னேன். யோசித்துவிட்டு, "3,000-த்தை அனுப்பிடுங்கக்கா, தவணை கட்டணும். மீதியை மெஸ் பில்லுலயே கழிச்சிக்கோங்க. அதை நான் அவருகிட்ட வாங்கிக்கிறேன்" என்றார்கள். 4,860-ல் 3,000 போக மீதி 1,860. இதையே வாட்ஸ்அப்பில் எழுதி இரண்டு பேருக்கும் அனுப்பினேன். இரண்டு பேரும் "சரி" என்று பதில் போட்டார்கள். வாய்ப்பேச்சோடு விட்டிருந்தால், அடுத்த பில் வரும்போது "முழுசையும் கழிக்கலியே" என்று பேச்சு வந்திருக்கும்.

ஒரு விதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் யார் கணக்கிலிருந்து வந்ததோ அவர்களிடம் கேட்க வேண்டும். திருப்பிக் கொடுத்தால் அதே கணக்குக்குத்தான் போக வேண்டும். "என் இன்னொரு நம்பருக்கு அனுப்புங்க", "என் தம்பி கணக்குக்குப் போடுங்க" என்றால் கூடாது. ஒரு பள்ளிக்கூட விடுதியோ அலுவலகமோ இரண்டு தடவை கட்டியிருந்தால், அங்கே பழக்கமானவர் வாயால் சொன்னார் என்று எதுவும் செய்யாதீர்கள். அவர்கள் கணக்கும் தணிக்கைக்குப் போகும். எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கழிக்க வேண்டும்.

அடுத்து, எப்படித் திருப்பிக் கொடுத்தோம் என்று சொல்கிறேன். ஊக்குநர் தன் சொந்தப் போனிலிருந்து அப்போதே அனுப்பிவிடுகிறேன் என்றார். நல்ல மனசுதான். ஆனால் அப்படிச் செய்தால், வந்த பணம் குழுக் கணக்கில் நிற்கும், போன பணம் தனி ஆள் கணக்கிலிருந்து போயிருக்கும். பிறகு ஊக்குநருக்குக் குழு 3,000 ரூபாய் தர வேண்டும் என்று இன்னொரு கணக்கு முளைக்கும். அதனால் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். "147-ம் பில்லுக்கு 5-ம் தேதி கூடுதலாக வந்த 4,860 ரூபாயில் 3,000 ரூபாயை, பணம் வந்த கணக்குக்கே திருப்பி அனுப்புவது, மீதி 1,860 ரூபாயை மெஸ்ஸின் அடுத்த பில்லில் கழிப்பது" என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். பிறகு கையெழுத்து அதிகாரம் உள்ள இருவரும் வங்கிக்குப் போய், குழுக் கணக்கிலிருந்தே அந்தக் கணக்குக்கு மாற்றினார்கள். மாற்றிய எண்ணை வாங்கி அவர்களுக்கு அனுப்பினோம். வங்கி மூலம் கியூஆர் அட்டை வாங்கியிருக்கும் சில குழுக்களுக்கு, வியாபாரச் செயலியிலேயே Refund என்று ஒரு இடம் இருக்கும். அது இருந்தால் இன்னும் நல்லது. பணம் வந்த வழியிலேயே திரும்பிப் போகும்.

அனுப்புவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்த்தோம். ஒன்று, அன்றைய தேதி வரைக்கும் பாஸ்புக் பதிவு போட்டு, அந்தப் பணம் இன்னும் நம் கணக்கில்தான் இருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டு, "வங்கியில் இதற்குப் புகார் ஏதும் கொடுத்திருக்கிறீர்களா?" என்று அவர்களிடம் கேட்டோம். சிலர் நம்மிடமும் கேட்பார்கள், வங்கியிலும் புகார் கொடுத்திருப்பார்கள். நாமும் அனுப்பி, வங்கியும் எடுத்துக் கொடுத்தால், ஒரு பணத்தை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தவர்கள் ஆகிவிடுவோம். புகார் கொடுத்திருந்தால், அது முடியட்டும் என்று இருக்க வேண்டும், அல்லது அதை வாபஸ் வாங்கிவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

இப்போது கணக்குப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். கணக்கு எழுதுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ரொம்பக் கஷ்டம் இல்லை.

கூடுதலாக வந்த பணத்தை விற்பனை வரவில் எழுதக் கூடாது. இதர வரவிலும் எழுதக் கூடாது. இரண்டிலும் எழுதினால் அது லாபத்தில் சேர்ந்துவிடும். பேரேட்டில் "வாடிக்கையாளருக்குத் தர வேண்டியது" என்று தனிப் பக்கம் திறந்து, அதில் மெஸ்ஸின் பேரில் 4,860 வரவு எழுதினோம். பணம் நம் கணக்கில் இருக்கிறது, ஆனால் அது நம் கடன் என்று அர்த்தம். 3,000 அனுப்பிய அன்று, அதே பக்கத்தில் 3,000 பற்று. மீதி 1,860.

அடுத்த மாசம் மெஸ்ஸுக்கு 163-ம் எண் பில். சரக்கின் விலை 5,240 ரூபாய். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கழிக்க வேண்டியது 1,860 என்பதால், பில்லையே 3,380-க்குப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் விற்ற சரக்கைவிட விற்பனை குறைவாகத் தெரியும். வருஷக் கடைசியில் இருப்புக் கணக்கு உதைக்கும். பில்லை முழுசாக 5,240-க்குத்தான் போட வேண்டும். அதற்குக் கீழே, "147-ம் பில்லுக்குக் கூடுதலாக வந்ததில் கழிவு 1,860, தர வேண்டியது 3,380" என்று எழுத வேண்டும். விற்பனைப் புத்தகத்தில் 5,240 ஏறும். தனிப் பக்கத்தில் 1,860 பற்று எழுதினால் மீதி பூஜ்யம் ஆகும். அந்தப் பக்கத்தை மூடிக் கையெழுத்துப் போட்டோம்.

இன்னொரு சந்தேகம் எங்களுக்கு வந்தது. பழைய 147-ம் பில்லைத் திருத்த வேண்டுமா, கிரெடிட் நோட் போட வேண்டுமா என்று. வேண்டியதில்லை. சரக்கு திரும்பி வந்தாலோ, விலையைக் குறைத்தாலோதான் கிரெடிட் நோட். இங்கே சரக்கும் மாறவில்லை, விலையும் மாறவில்லை. பணம் மட்டும்தான் இரண்டு தடவை வந்தது. வந்த இரண்டாவது பணத்துக்கு இன்னொரு பில் போட்டுவிடவும் கூடாது. அப்படிப் போட்டால் விற்காத சரக்கை விற்றதாக ஆகிவிடும்.

அடுத்த பில்லில் கழிப்பது என்று முடிவு செய்தால், அதற்கு ஒரு கெடு வையுங்கள். எங்கள் குழுவில் இப்போது இரண்டு மாசம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். அதற்குள் அவர்கள் சரக்கு வாங்கவில்லை என்றால், மீதியை நாமே திருப்பி அனுப்பிவிடுவது. இல்லையென்றால் வருஷக்கணக்கில் அந்தத் தொகை நிற்கும். கணக்கு எழுதுகிறவர் மாறுவார், பழைய கதை யாருக்கும் தெரியாது, ஒரு நாள் யாராவது அதை வரவில் சேர்த்துவிடுவார்கள்.

அவர்களுக்கு நம்மிடம் பழைய பாக்கி இருந்தால், கேட்காமல் அதில் கழித்துவிடாதீர்கள். "உங்க பழைய பாக்கி இவ்வளவு இருக்கு, அதுல வரவு வச்சுக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். சொல்லாமல் கழித்தால், நியாயமான பாக்கியாக இருந்தாலும் ஏமாற்றியது போலத்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. நான் இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, யார் போன் பண்ணிக் கேட்டாலும் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இதே கதையைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். "அக்கா, தெரியாம உங்க நம்பருக்கு 5,000 அனுப்பிட்டேன், ஆஸ்பத்திரிச் செலவுக்கா, உடனே திருப்பி அனுப்புங்க" என்பார்கள். பணம் வந்ததாகப் போனில் ஒரு செய்தியும் வந்திருக்கும். அந்தச் செய்தி வங்கியிலிருந்து வந்திருக்காது, அவர்களே அனுப்பியதாக இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள், அதைப் படமாகத் தயாரித்துவிட முடியும். பாஸ்புக்கிலோ வங்கிச் செயலியிலோ பணம் ஏறியிருந்தால்தான் பணம் வந்தது. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போடச் சொன்னால், உங்கள் பணம் வெளியே போகப் போகிறது என்று அர்த்தம்.

சரி, பணம் உண்மையிலேயே ஏறியிருக்கிறது, ஆனால் அனுப்பியவர் நம் வாடிக்கையாளர் இல்லை, பில்லும் இல்லை என்றால்? அப்போதும் நாமாக அனுப்ப வேண்டாம். "உங்க வங்கியில எழுதிக் கொடுங்க, வங்கி மூலமா நாங்க திருப்பித் தாரோம்" என்று சொல்லுங்கள். நம் வங்கிக் கிளையிலும் தகவல் கொடுங்கள். யாரிடமோ திருடிய பணம் நம் கணக்கு வழியாகப் போவதாக இருந்தால், நம் குழுக் கணக்கையே முடக்கிவிடுவார்கள். ஒருவேளை ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் தடுக்கப்பட வாய்ப்பு இருக்கிறது. எங்கள் அண்ணாச்சி விஷயத்தில் பில் எண் இருந்தது, பழக்கம் இருந்தது, இரண்டு UTR எண்ணும் வங்கிப் பதிவில் இருந்தது. அந்த மூன்றும் இருந்ததால்தான் தைரியமாகத் திருப்பிக் கொடுத்தோம்.

இப்போது எங்கள் குழுவில் வழக்கத்தை மாற்றியிருக்கிறோம். மாசக் கடைசி வரை காத்திருப்பதில்லை. வாரத்துக்கு ஒரு நாள், கூட்டத்துக்கு முன்னால், வங்கி வரவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்தில் பில் எண் எழுதுகிறேன். பில் எண் எழுத முடியாத வரவு இருந்தால் அதைக் கூட்டத்தில் சொல்லுகிறேன். பணம் வந்த அன்றே வாடிக்கையாளருக்கு ஒரு வரி அனுப்புகிறேன். இந்த வேலைக்கு வாரத்தில் அரை மணி நேரம் கூட ஆகாது.

அந்தத் தங்கச்சிக்கு 3,000 போய்ச் சேர்ந்த அன்றே அவர்கள் விட்டுப்போன தவணையைக் கட்டிவிட்டார்கள். நாங்கள் போட்ட தீர்மானத்தின் நகலை அவர்கள் குழு ஊக்குநருக்கும் கொடுத்தோம். அந்தத் தவணை எதனால் தவறியது என்று அவர்கள் புத்தகத்திலும் ஒரு வரி எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கு அவர்களும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். பேர் சொல்ல வேண்டாம் என்றார்கள், அதனால் சொல்லவில்லை. எங்கள் ஆச்சியும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசி முடித்து இறங்கியதும், "405 ரூவாய் போச்சேன்னு இப்பவும் நெனைக்கியா?" என்று கேட்கப் போகிறார்கள். இல்லை ஆச்சி, அது என்றைக்குமே நம்ம ரூபாய் இல்லை.